பேசுவோர் குறைந்துவரும் மொழி: பதிவும் மீட்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைசியாகப் பேசியவர் இறந்தால்தானே ஒரு மொழி அழிந்தது என்று அர்த்தம்?

செய்தியில் வருவது அந்த நாள்தான். மொழி முறிவது அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிடும். ஓர் ஊரில் பெரும்பாலான பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம் வேறு மொழியில் பேசத் தொடங்கும் காலம்தான் அந்த முறிவு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தெருவிலும் கோயிலிலும் சாவு வீட்டிலும் அந்த மொழி கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், முறிந்தது யார் கண்ணிலும் படுவதில்லை.

மாங்க்ஸ் மொழியை எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவின் மொழி அது. அதைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசியானவர் என்று சொல்லப்படும் நெட் மாட்ரெல் 1974-இல் இறந்தார். ஆனால் அவர் பிறந்த 1877-இலேயே தீவின் பெரும்பாலான வீடுகள் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தன. ஆங்கிலம் தெரியாத ஒரு முதிய உறவினரிடம் வளர்ந்ததால்தான் அவருக்கு மாங்க்ஸ் வந்தது. அந்த மொழியின் கதையைப் படிப்பவர்கள் 1974-ஐ நினைவில் வைக்கிறார்கள். நினைவில் வைக்க வேண்டிய காலம் அதற்கு நூறு ஆண்டு முந்தையது.

எங்கள் ஊரில் இன்னும் 400 பேர் பேசுகிறார்கள். அது போதாதா?

எத்தனை பேர் என்பதைவிட எந்த வயதினர் என்பதே முக்கியம். ஓர் ஊரில் 400 பேர் பேசுகிறார்கள், எல்லோரும் 55 வயதைக் கடந்தவர்கள் என்று வையுங்கள். இன்னோர் ஊரில் 150 பேர்தான், ஆனால் அதில் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. இரண்டாவது ஊரின் நிலைதான் மேல். யுனெஸ்கோவுக்காக 2003-இல் வல்லுநர்கள் தயாரித்த ஒன்பது அளவுகோல்களிலும் முதலில் நிற்பது தலைமுறைக்குத் தலைமுறை மொழி கைமாறுகிறதா என்பதுதான்.

இதைக் கண்டறிய வீடு வீடாகப் போய் வரவேண்டும். கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. “உங்களுக்கு நம் மொழி தெரியுமா?” என்று கேட்டால் பெருமைக்காக ஆமாம் என்பவர்களும் இருப்பார்கள், கூச்சத்தால் இல்லை என்பவர்களும் இருப்பார்கள். அதற்குப் பதில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, “நேற்று ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் எந்த மொழியில் பேசினீர்கள்? அவர் எந்த மொழியில் பதில் சொன்னார்?” என்று கேளுங்கள். பேசியதும் பதில் வந்ததும் வேறு வேறு மொழியாக இருந்தால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். முறிவின் அடையாளம் அதுதான்.

பிறகு எல்லோரையும் பிறந்த ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். சரளமாகப் பேசுபவர்களில் இளையவருக்கு 47 வயது என்றால், கைமாறுவது ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு முன் நின்றுவிட்டது. 47 முதல் 65 வரை உள்ளவர்கள்தான் இனி கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள். உடல் தெம்போடு அவர்கள் கற்றுக்கொடுக்கக் கையில் இருப்பது இருபது ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். 30 முதல் 45 வரை உள்ளவர்கள் பெரும்பாலும் “புரியும், பேச வராது” என்பார்கள். கணக்கெடுப்புகள் இவர்களைப் பேசாதவர்கள் என்று தள்ளிவிடும். மீட்பு வேலைக்கு மிகவும் பயன்படப்போகிறவர்கள் இவர்கள்தான் என்பதால் தனியாக எண்ணிவையுங்கள்.

பெற்றோர் ஏன் சொந்த மொழியைக் கைவிடுகிறார்கள்? அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. பள்ளியில் அந்த மொழி பேசியதற்காக அடிவாங்கிய ஒருவர், தன் பிள்ளைக்கு அந்த அடி விழக்கூடாது என்று முடிவெடுக்கிறார். வேல்ஸில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு மாட்டினார்கள். ஒகினாவாவில் தண்டனை அட்டை மாட்டினார்கள். அட்டையை வாங்கிய பிள்ளை, அடுத்துப் பேசி மாட்டிக்கொள்ளும் இன்னொரு பிள்ளைக்கு அதைக் கைமாற்ற வேண்டும். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது.

அடி இல்லாத இடத்திலும் மாற்றம் நடக்கும். வேலைக்கு வெளியூர் போகிறார்கள், திருமணம் வேறு மொழிக்காரரோடு நடக்கிறது, சந்தையும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும் இன்னொரு மொழியில் இயங்குகின்றன. வீட்டில் ஒருவருக்குப் புரியாவிட்டால் எல்லோருக்கும் புரியும் மொழிக்குப் பேச்சு தானாக நகர்ந்துவிடும். யாரும் உட்கார்ந்து முடிவெடுத்திருக்க மாட்டார்கள். மூத்த பிள்ளை மொழியோடு வளர்ந்து, அது பள்ளிக்குப் போய் வெளிமொழியை வீட்டுக்குக் கொண்டுவர, கடைசிப் பிள்ளைக்கு மொழியே வராமல் போன குடும்பங்களை எங்கும் பார்க்கலாம்.

இரண்டு மொழி கற்றால் பிள்ளை குழம்பும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை. குழந்தைகள் இரண்டு, மூன்று மொழிகளை ஒன்றாகக் கற்பது உலகின் பெரும்பகுதியில் சாதாரணம். ஆனால் இந்தப் பயத்தை ஓர் ஆசிரியரோ மருத்துவரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதை மாற்ற நீங்கள் பத்துமுறை பேச வேண்டியிருக்கும்.

ஆவணப்படுத்தல் என்றால் அகராதி எழுதுவதா?

அகராதி அதன் விளைவுகளில் ஒன்று. முதல் வேலை, மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் காணொளியாகவும் ஒலியாகவும் பதிவு செய்து, எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, யார் எங்கே எப்போது யாரிடம் பேசியது என்ற விவரத்தோடு பத்திரப்படுத்துவது. அகராதியும் இலக்கணமும் அந்தத் தொகுப்பிலிருந்து எழ வேண்டும்.

சொற்பட்டியலோடு தொடங்கி அதிலேயே நின்றுவிடுவது வழக்கமான தவறு. நூறு, இருநூறு சொற்களைக் கேட்டு எழுதுவது ஒலிகளைப் பிடிக்க உதவும். அதை வைத்து யாரும் ஒரு வாக்கியம் பேச முடியாது. அடுத்த தவறு, பழங்கதைகளை மட்டும் பதிவு செய்வது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குக் கதை பிடிக்கும், பெரியவர்களும் ஆசையோடு சொல்வார்கள். முப்பது கதை சேர்ந்திருக்கும். ஆனால் “இங்கே வா”, “மூக்கைத் துடை”, “அதைத் தொடாதே, சுடும்”, “பசிக்குதா?”, “சரி, அழாதே” என்பதெல்லாம் எந்தப் பதிவிலும் இருக்காது. பதினைந்து ஆண்டு கழித்து ஓர் இளம் தாய் தன் குழந்தையிடம் பேசக் கேட்டு வரும்போது அவருக்கு வேண்டியவை இவைதான். கதையில் இவை வராது. பாட்டியிடம் ஒரு பேரக்குழந்தையைக் கொடுத்து, குளிப்பாட்டுவதையும் சோறு ஊட்டுவதையும் பதிவு செய்தால் வரும்.

ஆகவே கதையோடு சேர்த்து, இரண்டு பேர் சும்மா பேசிக்கொள்வது, வேலையைச் செய்துகொண்டே விளக்குவது, வழி சொல்வது, பேரம், சண்டை, கிண்டல், துக்கம் விசாரிப்பது, பிரார்த்தனை, குழந்தையிடம் பேசுவது என்று வகைவகையாக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஆண், பெண், வெவ்வேறு வயது என்று ஆட்களும் மாற வேண்டும். ஒரே ஒருவரின் பேச்சை மட்டும் நாற்பது மணி நேரம் பதிந்துவிட்டு அதையே மொழி என்று சொன்னால், அவருடைய பழக்கங்கள் எல்லாம் விதிகளாகிவிடும்.

கருவிக்கு நிறையச் செலவாகுமா? போன் போதாதா?

போனில் பதிவதே பதியாமல் விடுவதைவிட மேல். ஆனால் போனோடு ஒரு வெளி மைக்கை இணைத்துவிடுங்கள். கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவது பதிவுக் கருவியால் அல்ல, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தால். சட்டையில் மாட்டும் மைக் நெஞ்சுக்கு மேல், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு பேர் பேசினால் ஆளுக்கொரு மைக், ஒருவர் இடது தடத்திலும் மற்றவர் வலது தடத்திலும் பதிவாக வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் அப்போதுதான் யார் என்ன சொன்னார் என்று பிரிக்க முடியும்.

கோப்பு WAV வடிவத்தில், 48 kHz, 24 பிட் என்று இருக்கட்டும். இப்படிப் பதிந்தால் ஒரு தடத்துக்கு ஒரு மணிக்குச் சுமார் 520 மெகாபைட், இரு தடத்துக்குச் சுமார் ஒரு ஜிகாபைட் ஆகும். MP3 சிறியதுதான், ஆனால் காது கவனிக்காது என்று அது தூக்கியெறியும் ஒலிவிவரம் பிறகு ஒலியியல் ஆய்வுக்குத் தேவைப்படலாம். எறிந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. போனில் “சத்தம் தானாகச் சரிசெய்” என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சின் இடைவெளிகளில் அது பின்னணி இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும்.

மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தகரக்கூரை மழை, கோழி ஆகியவைதான் பதிவைக் கெடுக்கும் முக்கியக் காரணங்கள். பதிவுக்கு முன் ஒரு நிமிடம் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியை அணைத்தால் உங்கள் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்ப இயக்க மறக்காமல் இருக்கக் களப்பணியாளர்கள் செய்யும் தந்திரம் இது.

பெயரிடும் முறையை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள்:

```
ism-20240614-uraiyadal-01.wav
ism-20240614-uraiyadal-01.eaf
ism-20240614-uraiyadal-01.txt
```

மொழிக்கு மூன்றெழுத்து, தேதி, வகை, எண். ஒலியும் எழுத்தாக்கமும் விவரக்குறிப்பும் ஒரே பெயரில் இருந்தால் ஒன்று மற்றதை விட்டுப் பிரியாது. “பாட்டி புதுசு final 2” என்று பெயரிட்ட கோப்புகளை ஐந்து ஆண்டு கழித்து அடையாளம் காண ஆளிருக்காது. பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிவிடுவதும் நல்ல பழக்கம். பேசுபவர் பெயர் வெளியே வர விரும்பாவிட்டால் குறியீடு போதும். அன்றிரவே கோப்புகளை மூன்று நகல்கள் எடுத்துவிடுங்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் ஊரில்.

ஒரு மணி நேரம் பதிந்தால் பிறகு எவ்வளவு வேலை இருக்கும்?

திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் ஒரு பத்து நிமிட உரையாடலையே எடுத்துப் பார்க்கலாம். இரண்டு பெரியவர்கள் ஒரு பழைய வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ELAN என்ற இலவச மென்பொருளில் ஒலியைத் திறந்து, ஒரு மூச்சில் பேசும் அளவுக்குத் துண்டுகளாக வெட்டுவீர்கள். பத்து நிமிடத்தில் இருநூறுக்கும் மேல் துண்டுகள் வரலாம். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று, நான்கு முறை கேட்டு எழுத வேண்டும். எழுதியதை மொழி அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பு. இதுவரைக்குமே ஒரு நிமிடப் பதிவுக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகும். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் குறிப்பெழுதவும் வேண்டுமென்றால் இன்னும் கூடும். ஆக பத்து நிமிடத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை வேலைநாள். நூறு மணி நேரம் பதிந்துவைத்திருக்கும் குழு, ஓர் ஆள் முழுநேரம் உட்கார்ந்தாலும் சில ஆண்டுகளில் முடிக்கும் அளவு கடன்பட்டிருக்கிறது.

சரிபார்க்கும்போது ஒரு சிக்கல் தவறாமல் வரும். தான் பேசியதைத் திரும்பக் கேட்கும் பெரியவர், “இதை இப்படி எழுதாதே, இது வெளிமொழிச் சொல், நம் சொல்லைப் போடு” என்பார். திக்கலையும் பாதியில் விட்ட வாக்கியத்தையும் அழிக்கச் சொல்வார். அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும், அதே சமயம் ஒலியில் இல்லாததை எழுதக்கூடாது. இரண்டு வரிகளாக வைத்துவிடுங்கள்: ஒன்றில் பேசியது பேசியபடி, மற்றதில் அவர் திருத்தியபடி. அச்சிடும் கதைப்புத்தகத்துக்குத் திருத்திய வரி, மொழி ஆய்வுக்கும் பேச்சு கற்பவருக்கும் முதல் வரி.

எழுதத் தெரிந்தவர் கிடைக்காத இடத்தில் மறுமொழிதல் என்ற வழி உண்டு. உரையாடலைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, மொழி அறிந்த ஒருவர் ஒவ்வொரு துண்டையும் நிதானமாக, தெளிவாகத் திரும்பச் சொல்வார். அதை இன்னொரு கோப்பில் பதிவீர்கள். அடுத்து அதன் பொருளை வெளிமொழியில் சொல்லச் சொல்லி அதையும் பதிவீர்கள். பத்து நிமிடப் பேச்சு ஒரே உட்காரலில் முடிந்துவிடும். எழுத்தாக்கத்துக்கு இது ஈடல்ல, ஆனால் அந்தப் பெரியவர் இல்லாத காலத்தில் வேகமான, பல் போன வாய்ப் பேச்சை எழுதப் பின்வருபவரால் முடியும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் எங்கள் கணக்கு இது: பதிந்த ஒவ்வொரு பத்து மணியிலும் ஒரு மணி முழுமையாக எழுதி முடிந்திருக்க வேண்டும், மீதிக்கு என்ன பேசினார்கள் என்று அரைப் பக்கச் சுருக்கமாவது வேண்டும். அதைத் தாண்டிப் பின்தங்கினால் பதிவை நிறுத்திவிட்டு எழுத உட்காருங்கள். மிகவும் முதியவர் ஒருவர் மட்டுமே விதிவிலக்கு. அவர் இருக்கும்போது பதிவு, எழுத்து பிறகு.

எழுத்தே இல்லாத மொழிக்கு எந்த எழுத்தைப் பயன்படுத்துவது?

பிள்ளைகள் பள்ளியில் ஏற்கனவே படிக்கும் எழுத்து. விதிவிலக்குக்குக் காரணம் இருந்தால் சமூகமே சொல்லும். அந்த எழுத்தில் இல்லாத ஒலிகளுக்குக் குறி சேர்க்கும்போது, சாதாரணப் போன் விசைப்பலகையில் அது வருமா, குறுஞ்செய்தியில் கட்டமாகத் தெரியாமல் இருக்குமா என்று முதலில் சோதியுங்கள். புத்தகத்தில் அழகாகத் தெரிந்து போனில் அடிக்க முடியாத எழுத்தை இளைஞர்கள் தொட மாட்டார்கள்.

எழுத்துச் சண்டை பத்து ஆண்டுகள்கூட ஓடும். பெரும்பாலும் அது எழுத்தைப் பற்றிய சண்டையே அல்ல, எந்த ஊர்ப் பேச்சு “சரியானது” என்பதைப் பற்றியது. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஓர் எழுத்துமுறை, ஆனால் அவரவர் உச்சரிப்புப்படி எழுத அனுமதி என்று தற்காலிகமாக ஒத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். பேச எழுத்து தேவையில்லை.

பதிவுகளை யூடியூபில் போட்டுவிடலாமா?

பேசியவரைக் கேட்காமல் கூடாது. “சம்மதம்” என்று ஒரே காகிதத்தில் கையெழுத்து வாங்குவது போதாது, ஏனென்றால் இணையம் என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் “போட்டுக்கொள்” என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. தனித்தனியாகக் கேளுங்கள்: உங்கள் குடும்பம் கேட்கலாமா? ஊரில் எல்லோரும் கேட்கலாமா? பள்ளியில் பாடமாக வைக்கலாமா? முன்பின் தெரியாதவர்கள் உலகில் எங்கிருந்தும் பார்க்கலாமா? நீங்கள் இறந்த பிறகும் உங்கள் குரலையும் முகத்தையும் காட்டலாமா? இறந்தவர் பெயரையோ படத்தையோ காட்டக்கூடாது என்ற வழக்கம் உள்ள சமூகங்கள் உண்டு, உதாரணமாக ஆஸ்திரேலியப் பழங்குடியினரில் பலர். பதிவில் அண்டைவீட்டுக்காரரைப் பற்றிய வம்பு வந்தால் அந்தப் பகுதியை மூடிவைக்கவும் வேண்டும். பதிலை அந்தப் பதிவிலேயே அவர் குரலில் பதிந்துவிடலாம்.

நீண்டகாலப் பாதுகாப்புக்கு யூடியூப் ஆவணக்காப்பகம் அல்ல. PARADISEC, ELAR, AILLA போன்ற காப்பகங்கள் இதற்கென்றே இருக்கின்றன. யார் பார்க்கலாம் என்பதைக் கோப்பு வாரியாக அங்கே குறிப்பிட முடியும். காப்பகத்துக்கு ஒரு படி அனுப்பிவிட்டு, இன்னொரு படியை ஊரிலேயே, பிள்ளைகள் கேட்கக்கூடிய இடத்தில் வையுங்கள். வெளிநாட்டுச் சேமிப்பகத்தில் மட்டும் இருந்து ஊரில் ஒருவருக்கும் கடவுச்சொல் தெரியாத தொகுப்புகள் ஏராளம்.

நல்ல பதிவு நிறைய இருந்தால் மொழி பிழைத்துவிடும் அல்லவா?

இல்லை. பதிவு பேசுவோரை உருவாக்குவதில்லை, உருவாக்குபவர்களுக்கு மூலப்பொருளாக இருக்கிறது. உருவாக்க வேண்டியது எங்கே என்பதற்குப் பின்லாந்தின் வடக்கே உள்ள இனாரி ஸாமி மொழி நல்ல பாடம்.

பின்லாந்தில் மட்டும், இனாரி ஏரியைச் சுற்றி வாழும் சில நூறு பேர் பேசும் மொழி அது. 1920-இன் ஸ்பானிஷ் காய்ச்சல் பெரியவர்கள் பலரைக் கொண்டுபோனது. 1944-இல் போருக்காக ஊரே தெற்கே இடம்பெயர்ந்தது. போருக்குப் பின் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் ஃபின்னிஷ் மொழியில் படித்தார்கள். 1990-களில் அந்த மொழி பேசும் குழந்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை.

1986-இல் தொடங்கிய ஒரு மொழிச் சங்கம் 1997-இல் இனாரியில் ஒரு மொழிக்கூடு திறந்தது. அங்கே பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் முதல் நாளிலிருந்தே அந்த மொழியில் மட்டும் பேசினார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து பள்ளியிலும் அந்த மொழிவழிக் கல்வி தொடங்கியது. குழந்தைகள் பேசினார்கள். அப்போதுதான் அடுத்த சிக்கல் எழுந்தது: பாடம் நடத்தவும் கூட்டில் வேலை செய்யவும் ஆளில்லை. மொழி தெரிந்தவர்கள் ஓய்வு பெறும் வயதில், பேசும் புதியவர்கள் தொடக்கப்பள்ளி வயதில். நடுவே ஒரு தலைமுறையே காணோம்.

2009-10-இல் அந்த நடுத் தலைமுறையைத் தயாரிக்க ஓராண்டு முழுநேரப் பயிற்சி நடந்தது. சேர்ந்தது 17 பேர்தான். ஆசிரியர், குழந்தைக் காப்பாளர், பத்திரிகையாளர் என்று, மொழி வந்துவிட்டால் நாளையே அதை வேலையில் பயன்படுத்தக்கூடியவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். வகுப்பறைப் பாடம் முடிந்ததும் அவர்கள் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களோடு வேலை செய்துகொண்டே பேசினார்கள், பிறகு மொழிக்கூட்டிலும் பள்ளியிலும் பயிற்சிக்குப் போனார்கள். பேசுவோர் சில நூறே உள்ள மொழியில் 17 பேர் என்பது பெரிய எண். மீட்பு வேலையில் குழந்தைகளுக்கு அடுத்தபடியாக அல்ல, குழந்தைகளுக்கு முன்பாகவே இந்த வயதினருக்குப் பணமும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மொழிக்கூடு அன்றாடம் எப்படி நடக்கும்?

இந்த முறை 1982-இல் நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தொடங்கிய கோஹங்கா ரியோ என்ற மொழிக்கூடுகளிலிருந்து பரவியது. ஹவாயில் 1984-இல் அதே வழியில் முதல் பாலர் பள்ளி திறந்தது. இது பாடம் நடத்தும் இடமல்ல, குழந்தைக் காப்பகம். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, கால்கழுவல், எல்லாம் அந்த மொழியில். பெரியவர்கள் மொழிபெயர்க்க மாட்டார்கள். குழந்தை வெளிமொழியில் கேட்டால் புரிந்துகொண்டு, பதிலை நம் மொழியில், கைஜாடையோடு சொல்வார்கள். குழந்தை திரும்ப அந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தவும் மாட்டார்கள். முதல் சில மாதங்கள் புரிந்துகொள்வது மட்டும் நடக்கும், பிறகு ஒற்றைச் சொற்கள் வரும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழிகளில். ஒன்று, பணியாளர்கள் குழந்தைகளிடம் நம் மொழியில் பேசிவிட்டு, தங்களுக்குள் வெளிமொழியில் பேசிக்கொள்வது. எது பெரியவர்களின் உண்மையான மொழி என்று குழந்தைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும். இரண்டு, காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நடத்துவது. பாட்டும் நிறங்களின் பெயரும் எண்ணும் வரும், பேச்சு வராது. மூன்று, கூட்டை விட்டு ஆறு வயதில் வெளியே வரும் குழந்தைக்குப் பள்ளியில் தொடர்ச்சி இல்லாதது. ஓரிரு ஆண்டில் எல்லாம் மங்கிவிடும். கூடு திறக்கும் நாளன்றே முதல் வகுப்புக்கு யார் ஆசிரியர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கூடு நடத்த ஆளில்லை. ஒரு பாட்டியும் ஆர்வமுள்ள ஓர் இளைஞரும் மட்டும் இருக்கிறார்கள்.

அதற்கென்றே கலிஃபோர்னியப் பழங்குடி மொழிகளுக்காக 1990-களின் தொடக்கத்தில் ஆசான்–மாணாக்கர் முறை உருவானது. அங்கே பல மொழிகளுக்கு ஒரு கை விரல் அளவுக்கே பேசுவோர் இருந்தார்கள். வாரத்துக்கு 10 முதல் 20 மணி நேரம், இரண்டு மூன்று ஆண்டுகள், இருவரும் சேர்ந்து சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வெளிமொழி இல்லை. சமைப்பது, துணி மடிப்பது, நடைபோவது எல்லாம் பேச்சுக்குச் சாக்கு. மாணாக்கர் முதலில் கற்க வேண்டிய வாக்கியங்கள் நான்கைந்து: “இது என்ன?”, “நான் இப்போது என்ன செய்கிறேன்?”, “திரும்பச் சொல்லுங்கள்”, “மெதுவாக”, “எனக்குப் புரியவில்லை”. இவை வந்துவிட்டால் வெளிமொழிக்கு ஓட வேண்டியதில்லை.

பாட்டி ஆசிரியை அல்ல, பாடம் நடத்தத் தெரியாது. அதனால் என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு நாளும் திட்டமிடுவது மாணாக்கரின் பொறுப்பு. ஒரு சொல் மனதில் நிற்க, வெவ்வேறு சந்தர்ப்பத்தில் பலமுறை காதில் விழ வேண்டும். பாட்டிக்கு “நேற்றே சொன்னேனே” என்று அலுப்பு வரும், அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது. வாரம் இரண்டு மணி நேரம் என்று இறங்கினால் இந்த முறை வேலை செய்யாது. பல இணைகள் உடைவது மொழியால் அல்ல, பாட்டியின் உடல்நலம், மாணாக்கரின் வேலை நேரம், இருவர் வீடும் தள்ளி இருப்பது போன்றவற்றால். இருவருக்கும் அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பாதி தெரிந்தவர்கள் வாயே திறப்பதில்லை. எப்படிப் பேச வைப்பது?

அவர்கள் ஏன் மூடினார்கள் என்று பாருங்கள். ஒருமுறை பேசியபோது பெரியவர்கள் சிரித்திருப்பார்கள், அல்லது விகுதியைத் திருத்தியிருப்பார்கள். ஆகவே பயிற்சி முதலில் பெரியவர்களுக்கு. பிழையைச் சுட்டிக்காட்டாமல், அதே கருத்தைச் சரியான வடிவில் தன் பதிலுக்குள் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும். குழந்தையிடம் எல்லோரும் இயல்பாகச் செய்வதுதான், வளர்ந்தவரிடம் செய்யத் தோன்றுவதில்லை.

புதிதாகக் கற்றவர்களின் பேச்சு முதியவர்களின் பேச்சு மாதிரி இருக்காது என்பதையும் ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். சில வேற்றுமை உருபுகள் உதிரும், வாக்கிய அமைப்பு வெளிமொழியின் பக்கம் சாயும். பிழையான மொழியா, மொழியே இல்லையா என்பதுதான் கைவசமுள்ள தேர்வு. பழைய வடிவம் பதிவுகளில் இருக்கிறது, விரும்புகிறவர் போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர்கூட மிச்சமில்லாத மொழியை மீட்க முடியுமா?

எழுத்து மிஞ்சியிருந்தால் ஓரளவு. அமெரிக்காவின் வாம்பனோவாக் மக்கள் 1990-களிலிருந்து இதைச் செய்துவருகிறார்கள். 1663-இல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பும், அவர்களுடைய மூதாதையரே எழுதிய நிலப்பத்திரங்களும் கடிதங்களும் அவர்களுக்குக் கிடைத்தன. ஒலிகளை உறவு மொழிகளோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருந்தது. ஒலிப்பதிவு இல்லாத மொழியில் பேச்சின் ஏற்ற இறக்கம் திரும்பாது. நிலப்பத்திரத்தில் தாலாட்டும் இருக்காது.

ஒரு செயலி செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

செய்யலாம், நான்காவது ஐந்தாவது வேலையாக. செயலி சொல் கற்பிக்கும், பேச ஆள் கொடுக்காது. இயங்குதளம் மாறும்போது பராமரிக்கப் பணம் இல்லாமல் சில ஆண்டுகளில் திறக்காமலும் போகும். செய்வதாக இருந்தால், உள்ளே போகும் ஒலியும் சொற்பட்டியலும் சாதாரணக் கோப்புகளாகத் தனியே இருக்கட்டும், அடுத்தவர் வேறு ஒன்றில் போட்டுக்கொள்ளலாம்.

பணம் குறைவு, ஆட்கள் நான்கு பேர். முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்வது?

முதல் மாதம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மேலே சொன்னபடி பிறந்த ஆண்டு வரிசையும் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற குறிப்பும் கையில் வந்துவிடும். உடனே மிக முதியவர்களிடம் பதிவு தொடங்கலாம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், குழந்தையிடம் பேசும் பேச்சை முதலில் பிடியுங்கள். அதிலிருந்து அன்றாட வாக்கியங்கள் நூறு எடுத்து ஒலியோடு போனில் பகிருங்கள், எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

அதோடு, “புரியும், பேச வராது” என்றவர்களில் சிறு குழந்தை உள்ள இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். காதில் மொழி ஏற்கனவே இருப்பதால் அந்நியரைவிட இவர்கள் பலமடங்கு வேகமாகப் பேச வருவார்கள். ஆளுக்கொரு பெரியவரோடு இணைத்து, வாரம் பத்து மணி நேரமாவது சேர்ந்திருக்க வழி செய்யுங்கள். வீட்டில் முழுநாளும் பேச முடியாது, ஆகவே ஓர் இடம் அல்லது ஒரு நேரம் மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: குளிக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், அல்லது பள்ளிக்கு நடந்து போகும் வழி. அந்த நேரத்துக்கு வேண்டிய வாக்கியங்கள் நாற்பது ஐம்பதுதான். அவை பழகியதும் அடுத்த நேரத்துக்குப் போகலாம். ஆறாவது மாதம் திரும்பப் போய், முதலில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: நேற்று ராத்திரி குழந்தையிடம் எந்த மொழியில் பேசினீர்கள், அது எந்த மொழியில் பதில் சொன்னது?